பல் சுத்தம் செய்யப் போனேன், சொல்லாத வேலைகளுக்கும் பில் போட்டார்கள். புகார் கடிதம் எழுதுகிறேன், படித்துச் சொல்லுங்கள்

வேம்படி

வணக்கம். ஒரு பல் கிளினிக்குக்குச் சாதாரண ஸ்கேலிங்குக்காகப் போனேன். போனிலேயே கட்டணம் கேட்டு வைத்திருந்தேன். உள்ளே போனதும் தலையைச் சுற்றி வரும் பெரிய எக்ஸ்ரே ஒன்று எடுத்தார்கள். பிறகு டாக்டர் வந்து சில நிமிடம் வாயைப் பார்த்தார். "காரை நிறைய இருக்கு, கொஞ்சம் ஆழமா சுத்தம் பண்ணணும், சரியா?" என்றார். வாயில் கண்ணாடியும் குழாயும் இருக்கும்போது என்ன பேச முடியும்? தலையை ஆட்டினேன். மொத்தம் 50 நிமிடம்.

கவுண்டரில் பில்லைப் பார்த்ததும் கை நடுங்கியது. போனில் சொன்னதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. வாயின் நான்கு பகுதிக்கும் டீப் கிளீனிங், எக்ஸ்ரே, ஆறு இடத்தில் வைத்த மருந்து ஜெல், ஃப்ளோரைடு பூச்சு. ஜெல் வைத்ததே எனக்குத் தெரியாது. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், பேசாமல் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எழுதி வைத்திருக்கும் கடிதம் இது:

"நான் ஸ்கேலிங்குக்காக மட்டுமே வந்தேன். நீங்கள் எந்தப் பரிசோதனையும் செய்யாமல், எனக்கு இல்லாத நோயை இருப்பதாகக் காட்டி, தேவையற்ற சிகிச்சைகளைச் செய்து பணம் பறித்திருக்கிறீர்கள். இது பகல் கொள்ளை. மூன்று நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தராவிட்டால் எல்லா இடத்திலும் உங்கள் பெயரை எழுதுவேன்."

அனுப்பலாமா?

நேர்வழி

ஒரே கேள்வி. உள்ளே போகும்போது ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா? போட்டிருந்தால் கதை முடிந்தது. கையெழுத்தும் போட்டு, தலையையும் ஆட்டி, பணத்தையும் கட்டியாயிற்று. மூன்றும் சம்மதம்தான். இனிமேல் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது?

வேம்படி

போட்டேன். பெயர், வயது, ஒவ்வாமை, இப்போது சாப்பிடும் மாத்திரை எல்லாம் கேட்டிருந்த படிவம். கீழே "தேவையான சிகிச்சைக்குச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தது.

கல்லும் ஈறும்

நேர்வழி சொன்னது பாதி சரி. கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது எதற்கான கையெழுத்து என்று பார்க்க வேண்டும். வாசலில் வாங்கும் அந்தப் பொதுப் படிவம், உங்களைப் பரிசோதிக்கச் சம்மதம். அந்த நிமிடத்தில் டாக்டருக்கே உங்கள் வாயில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாத ஒன்றுக்கு யாரும் விளக்கம் கொடுத்திருக்க முடியாது, விளக்கம் இல்லாததற்கு நீங்கள் சம்மதித்திருக்கவும் முடியாது. என்ன செய்யப் போகிறோம், ஏன், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, எவ்வளவு ஆகும் என்று சொல்லிக் கேட்பதற்குப் பெயர்தான் சம்மதம் வாங்குவது. பணம் கட்டியதையும் சம்மதமாக எடுக்க முடியாது. வேலை முடிந்த பிறகு கட்டியது அது.

நான் ஈறு நோய் மருத்துவத்தில் பல வருடம் வேலை செய்தவன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒன்று உறுத்தியது. அதில் இரண்டு வேறு புகார்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. சொல்லாமல் செய்தார்கள் என்பது ஒன்று. தேவையில்லாததைச் செய்தார்கள் என்பது மற்றொன்று. முதலாவது உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த விஷயம், அதைத் தைரியமாக எழுதலாம். இரண்டாவது உங்களுக்கு இன்னும் தெரியாது. "எனக்கு இல்லாத நோய்" என்று எழுதுகிறீர்கள். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது, இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் இருக்கும். நாளைக்கு அவர்கள் ஒரே ஒரு எக்ஸ்ரேயை நீட்டி "இதோ எலும்பு இறங்கியிருக்கிறது" என்றால், அந்த வரியோடு சேர்ந்து உங்கள் முதல் புகாரும் விழுந்துவிடும்.

அதனால் தேவை இருந்ததா இல்லையா என்று நீங்கள் வாதாட வேண்டாம். அதைக் காட்டும் பதிவைக் கேளுங்கள்.

செண்பகம்

எனக்கும் இதேதான் நடந்தது, ஆனால் கண்ணில். அம்மாவுக்குக் கண்ணாடி பவர் பார்க்கக் கூட்டிப் போனேன். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள், அப்புறம் ஒரு அறைக்கு அழைத்துப்போனார்கள். பில்லில் விழித்திரை ஸ்கேன் என்று ஒரு வரி. சண்டையெல்லாம் போடவில்லை. "ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொடுங்கள், வேறு டாக்டரிடமும் காட்ட வேண்டும்" என்று மட்டும் கேட்டேன். ஒரு மணி நேரம் தேடிவிட்டு அந்த வரியை அடித்துக் கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்களா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் நினைவில்லை.

கல்லும் ஈறும்

செண்பகம் அம்மா செய்ததுதான் வழி. பல்லில் அந்த ரிப்போர்ட் எது என்று சொல்கிறேன்.

சாதாரண ஸ்கேலிங் ஈறுக்கு மேலேயும் அதன் விளிம்பிலும் உள்ள காரையை எடுப்பது. டீப் கிளீனிங் ஈறுக்கு அடியில் போய் வேரின் மேல் ஒட்டியிருப்பதை எடுப்பது. இரண்டாவது வேலைக்குக் காரணம் வேண்டும் என்றால், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமான இடுக்கு, நாங்கள் பாக்கெட் என்போம், அது இருக்க வேண்டும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய ப்ரோப்பை உள்ளே விட்டு அதை அளக்கிறோம். ஒரு பல்லுக்கு வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று என்று ஆறு இடம். 28 பல் இருந்தால் 168 எண்கள். 1 முதல் 3 வரை இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. 4 வந்தால், தொட்டதும் ரத்தம் வருகிறதா என்று பார்த்து யோசிப்போம். 5, 6 என்று வந்து, எக்ஸ்ரேயில் எலும்பும் இறங்கியிருந்தால் டீப் கிளீனிங் நியாயமான சிகிச்சை.

இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஒருவர் அளந்து "மூன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார் அல்லது கணினியில் ஏற்றுவார். உங்களுக்கு அப்படிக் காதில் விழுந்ததா?

வேம்படி

எண்கள் எதுவும் கேட்டதாக நினைவில்லை. ஆனால் ஊசி மாதிரி ஒன்றை வைத்து அங்கங்கே தொட்டுப் பார்த்தார். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். கடைசியில் அசிஸ்டென்ட்டிடம் ஏதோ சொன்னார், புரியவில்லை.

கல்லும் ஈறும்

இதைச் சொன்னது நல்லதாயிற்று. "எந்தப் பரிசோதனையும் செய்யாமல்" என்ற வரியை எடுத்துவிடுங்கள், அது உண்மை இல்லை. நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டை வைத்த ப்ரோப் ஒன்று உண்டு, அவர் வைத்துப் பார்த்தது அதுவாக இருக்கலாம். 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை கறுப்புப் பட்டை போட்டிருக்கும். வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மோசமான இடத்தை மட்டும் குறிப்பார்கள். பட்டையில் கொஞ்சம் ஈறுக்குள் மறைந்தால் வாயின் அந்தப் பகுதிக்கு 3 என்று குறியீடு போடுவார்கள், அது மில்லிமீட்டர் அளவு இல்லை. அது விரைவுச் சோதனை. மேலும் அளந்து பார் என்று சொல்வதுதான் அதன் வேலை. அதை மட்டும் வைத்து நான்கு பகுதிக்கும் டீப் கிளீனிங் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாம் நாற்காலி

தொழிலில் இருக்கும் பல் மருத்துவர் நான். மறுபக்கத்தையும் கேளுங்கள். காரை மிக அதிகமாக இருந்தால் ப்ரோப் உள்ளேயே போகாது, பாறையில் முட்டுகிற மாதிரி நிற்கும். முதலில் மேலோட்டமாக எடுத்துவிட்டுத்தான் அளக்கவே முடியும். வேலை நடக்கும்போதே "இது நினைத்ததைவிட ஆழம்" என்று தெரிய வரும். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடு என்றால் நடைமுறையில் முடியாது.

கல்லும் ஈறும்

காரை தடுக்கும் என்பது உண்மை, டாக்டர். ஆனால் அப்படிப்பட்டவரை என்ன செய்வோம்? மேல் காரையை எடுத்துவிட்டு அந்த சிட்டிங்கை அங்கேயே முடிப்போம். ஈறு வீக்கம் வடிந்த பிறகு வரச்சொல்லி முழுதாக அளந்து திட்டம் சொல்வோம். அதே நாற்காலியில், அதே மணி நேரத்தில், அளக்காமல் நான்கு பகுதியையும் முடிப்பதற்கு அது காரணம் ஆகாது. நடுவில் ஆழம் தெரிய வந்தால் கருவியை வெளியே எடுத்து, நாற்காலியை நிமிர்த்தி, இரண்டு நிமிடம் பேசலாம். நோயாளி மயக்கத்தில் இல்லையே, விழித்துக்கொண்டுதானே இருக்கிறார்.

மூன்றாம் நாற்காலி

அதை ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு முறை வா என்றால் பலர் வருவதே இல்லை என்பதும் உண்மை. அந்த அழுத்தத்தில் ஒரே நாளில் முடித்துவிடுகிறவர்கள் எல்லோரையும் திருடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அகல்விளக்கு

இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தால் முதலில் மறுப்புக் கடிதத்தை வாங்கி வையுங்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு.

வேம்படி

இன்ஷூரன்ஸ் இல்லைங்க, கையிலிருந்து கட்டியது. இருந்தாலும் நன்றி.

முன்மேசை

நான் ஒன்பது வருடம் ஒரு கிளினிக்கில் பில் போட்டவள் (இவர் சொல்லும் கிளினிக் இல்லை). உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பல மென்பொருள்களில் சிகிச்சைகளைக் கட்டாகக் கட்டி வைத்திருப்பார்கள். "டீப் கிளீனிங் முழு வாய்" என்று ஒரு பட்டனை அழுத்தினால் ஜெல், ஃப்ளோரைடு எல்லாம் தானாக வந்து விழும். டாக்டர் அதை நீக்கினால்தான் போகும். பல நேரம் யாரும் பார்த்து நீக்குவதில்லை. ஏமாற்ற வேண்டும் என்று இல்லாமலேயே இப்படிப் பில் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். கவுண்டரில் உட்கார்ந்து அதை நோயாளியிடம் நீட்டும்போது எனக்கே கூசும்.

அதனால் வெறும் "விவரமான பில்" என்று கேட்காதீர்கள், கொடுத்த பில்லையே மறுபடி அச்சடித்துத் தருவார்கள். எந்தப் பல்லில் என்ன செய்தது என்று பல் எண்ணோடு கேளுங்கள். ஆறு இடத்தில் ஜெல் வைத்தார்கள் என்றால் அந்த ஆறு இடமும் குறிப்பில் இருக்க வேண்டும். பதிவு ஏற்றிய தேதியையும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு எழுதிச் சேர்த்தால் பிறகு சேர்த்தது என்று தெரிய வேண்டும். இந்தக் கேள்வியைப் பார்த்தவுடனே, எழுதியவர் விஷயம் தெரிந்தவர் என்று உள்ளே புரிந்துவிடும்.

கடிதத்தைக் கவுண்டருக்கு எழுத வேண்டாம். பொறுப்பு மருத்துவர் பெயருக்கு எழுதுங்கள். மூன்று நாள் கெடு வைத்தால் மிரட்டலாக எடுத்துக்கொள்வார்கள், 14 நாள் கொடுங்கள். பெயரைக் கெடுப்பேன் என்ற வரி கடிதத்தில் இருந்தால் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

கல்லும் ஈறும்

ஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் டீப் கிளீனிங் முடிந்து நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து மறுபடி அளக்கும்போதும் ஆழம் குறையாத இடங்களில், 5 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும் பாக்கெட்டுகளில்தான் நான் வைப்பேன். அதே நாளில் வைக்கிறவர்களும் உண்டு. எப்படி என்றாலும் எந்த இடம், எத்தனை ஆழம் என்று எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று. உடனே வேறு டாக்டரிடம் ஓடிப்போய் அளக்கச் சொல்லாதீர்கள். சுத்தம் செய்த பிறகு ஈறு சுருங்கும், பாக்கெட் ஒரு மில்லிமீட்டர் போலக் குறையும், அதனால் இன்றைய எண் அன்றைய எண்ணுக்குச் சாட்சி ஆகாது. ஆறும் முன் ப்ரோப்பை விட்டால் ஈறுக்கும் நல்லதில்லை. எலும்பு மட்டும் ஒரு மாதத்தில் மாறாது. ஆகவே அன்று எடுத்த எக்ஸ்ரேயை வாங்கி அதை முதலில் காட்டுங்கள். ஆரோக்கியமான வாயில், எனாமல் முடியும் கோட்டிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் தள்ளி எலும்பு இருக்கும். ஆனால் உங்களுக்கு எடுத்த சுற்றிவரும் எக்ஸ்ரேயில் நுணுக்கம் குறைவு, முன்பற்களில் மங்கலாக விழும். பெரிய இழப்பு இருந்தால் தெரியும், சிறியது தெரியாமல் போகலாம்.

நேர்வழி

மரத்துப்போக ஊசி போட்டார்களா? போடாமல் ஆழமாகச் சுத்தம் செய்ய முடியாதே. அதுவே ஆதாரம் இல்லையா?

கல்லும் ஈறும்

பெரும்பாலும் போடுவோம், ஆனால் போடாமலும் செய்கிறார்கள். தனியாக அது ஆதாரம் ஆகாது. 50 நிமிடத்தில் எக்ஸ்ரே, பரிசோதனை, நான்கு பகுதி, ஜெல், பூச்சு எல்லாம் முடிந்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் கேள்வி எழும். ஒரு பகுதிக்கே எனக்கு அரை மணி நேரம் பிடிக்கும்.

வேம்படி

எல்லோர் சொன்னதையும் வைத்துத் திருப்பி எழுதினேன்:

"பொறுப்பு மருத்துவர் அவர்களுக்கு,

குறிப்பிட்ட தேதியில் சாதாரண ஸ்கேலிங்குக்காக முன்பதிவு செய்து வந்தேன். தொலைபேசியில் அதற்கான கட்டணம் சொல்லப்பட்டது. சிகிச்சை நாற்காலியில் இருந்தபோது 'கொஞ்சம் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும்' என்று கேட்கப்பட்டுத் தலையசைத்தேன். அது வேறொரு சிகிச்சை என்பதோ, நான்கு பகுதிக்கும் செய்யப்படும் என்பதோ, அதன் கட்டணமோ எனக்குச் சொல்லப்படவில்லை. ஜெல் வைத்ததும் ஃப்ளோரைடு பூசியதும் பில்லைப் பார்த்த பிறகே தெரிந்தது. இவற்றுக்கு நான் சம்மதம் தரவில்லை.

சிகிச்சை தேவைப்பட்டதா என்பதைப் பற்றி இப்போது எதுவும் சொல்லவில்லை. அதைப் புரிந்துகொள்ள, சிகிச்சைக்கு முன் எடுத்த பாக்கெட் அளவுகளின் முழுப் பதிவு, எக்ஸ்ரேயின் மூலக் கோப்பு, எந்தப் பல்லில் என்ன செய்யப்பட்டது என்ற குறிப்பு, ஜெல் வைத்த ஆறு இடங்கள், நான் கையெழுத்திட்ட படிவம் ஆகியவற்றின் நகலை, பதிவான தேதி நேரத்துடன் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். சிகிச்சைக்கு முன் அளவுகள் எடுக்கப்படவில்லை என்றால் அதையே எழுத்தில் தெரிவிக்கவும்.

ஜெல்லுக்கும் ஃப்ளோரைடு பூச்சுக்கும் வாங்கிய தொகையைத் திருப்பித் தரும்படி கேட்கிறேன். டீப் கிளீனிங் தொகையைப் பற்றி, பதிவுகளைப் பார்த்த பின் எழுதுகிறேன். 14 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்."

முன்மேசை

"எடுக்கப்படவில்லை என்றால் அதையே எழுத்தில் தெரிவிக்கவும்." இந்த ஒரு வரி போதும். அனுப்புங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

வேம்படி (மூன்று வாரம் கழித்து)

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. ஜெல், ஃப்ளோரைடு இரண்டுக்கும் பணம் திரும்பி வந்துவிட்டது. "விளக்கத்தில் குறை ஏற்பட்டதற்கு வருந்துகிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள். டீப் கிளீனிங் தேவைதான் என்கிறார்கள். அளவுப் பதிவு ஒன்று அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் கீழ்த்தாடை மட்டும்தான். பதிவான நேரம் நான் நாற்காலியில் இருந்த நேரத்துக்குள்தான் இருக்கிறது. அதாவது அளந்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. 46, 47ல் நான்கு இடத்தில் 5. 36ல் இரண்டு இடத்தில் 4. மற்றதெல்லாம் 2, 3. மேல்தாடைக்கு எண்ணே இல்லை.

கல்லும் ஈறும்

"பரிசோதனையே செய்யவில்லை" என்று எழுதாதது எவ்வளவு நல்லது பாருங்கள். 46, 47 கீழ் வலதுபுறக் கடைவாய்ப் பற்கள். அங்கே செய்தது எனக்கு நியாயமாகவே தெரிகிறது, அந்த இரண்டு பல்லையும் இனி கவனித்தாக வேண்டும். கீழ் இடதில் ஒரு பல்லில் 4, அங்கே இரு பக்கமும் பேசலாம். மேலே இரண்டு பகுதிக்கு எண் இல்லாமல் பணம் வாங்கியதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். பகுதிக் கணக்கில் பில் போடும்போது, ஒரு பகுதியில் இரண்டு பல்லுக்கு மட்டும் வேலை என்றால் முழுப் பகுதிக் கட்டணம் சரியா என்பதையும் கேளுங்கள். பல கிளினிக்குகளில் அதற்குக் குறைந்த கட்டணம் தனியாக இருக்கும்.

மூன்றாம் நாற்காலி

மேலே காரை பெரிதாக இருந்து அளக்க முடியாமல் போயிருக்கலாம். எக்ஸ்ரேயில் மேல்தாடை எலும்பு எப்படி இருக்கிறது?

வேம்படி

கோப்பு வந்திருக்கிறது, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. வேறு ஒரு ஈறு மருத்துவரிடம் ஆறாவது வாரத்துக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். முதலில் படத்தைக் காட்டிவிட்டு அப்புறம்தான் அளக்கச் சொல்வேன். கட்டணத்தையும் ஆறு இட அளவு எடுப்பார்களா என்பதையும் போனிலேயே கேட்டுக்கொண்டேன். மேல்தாடை இரண்டு பகுதிக்குமான இரண்டாவது கடிதத்தை அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

செண்பகம்

அந்த 46, 47ல் இப்போது ரத்தம் வருகிறதா தம்பி?

வேம்படி

நின்றுவிட்டது அக்கா. முன்பெல்லாம் பல் தேய்க்கும்போது அந்தப் பக்கம் வரும், பிரஷ் கடினமாக இருப்பதால் என்று நினைத்திருந்தேன்.